எடுத்தால் கொடுப்பேன்

காரணம் சொல்லாமல் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் நாச்சியாருக்கு அது தொண்டையில் இறங்காது. என்னத்துக்கு வாங்கித் தருகிறான், பின்னால் என்ன கேட்கப் போகிறான் என்று யோசித்துக்கொண்டே இருப்பாள். டீ ஆறிப்போகும். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த நாளில் இந்தக் குணம் அவளிடம் இல்லை. கட்டடக் கம்பி வளைக்கிற புருஷனோடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியேறி, அட்வான்ஸ் வாங்கிய வீட்டுக்காரர் அப்படி ஒன்று வாங்கவே இல்லை என்று சத்தியம் செய்ததைப் பார்த்த பிறகு வந்தது. அதற்கப்புறம் ஊர் அவளுக்கு மலையாளம் கற்றுக் கொடுத்தது. சந்தேகப்படவும் கூடவே கற்றுக் கொடுத்தது.

அதனால்தான், பழவங்காடியிலிருந்து தம்பானூர் போகிற வழியில் அவள் அறை சுத்தம் செய்யும் வேலை பார்க்கும் ஹோட்டலில், ஊழியர்களுக்கு இலவசமாக இங்கிலீஷ் வகுப்பு என்று அறிவித்தபோது அவளுக்கு முதலில் தோன்றியது, 'ஏன் இப்போது?' என்பதுதான்.

கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் மூன்றாம் மாடியில் தங்கிப் போன ஒரு பெங்களூர்க்காரப் பெண், ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்திருந்தாள். ஒரு காதின் கம்மல் காணோம், குளியலறையில் சோப்பு வைக்கிற திண்டில் கழற்றி வைத்த ஞாபகம் என்றாள். அந்த அறையை அன்று சுத்தம் செய்தவள் நாச்சியார். திண்டைத் துடைத்ததும் அவள்தான். அங்கே நுரை காய்ந்த சோப்புத் துண்டு ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. அதை அப்படியே சொன்னாள். எச்.ஆர். மேனேஜர் பிபின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி சேச்சி, நோக்காம்" என்றார். பார்க்கலாம் என்றால் எதைப் பார்க்கலாம்? அதை அவர் சொல்லவில்லை. ஹோட்டலில் ஒரு பொருள் காணாமல் போய், அது கிடைக்காமலும் போனால், கடைசியில் போவது அந்த அறைக்குப் போன ஆளின் வேலைதான் என்பது நாச்சியாருக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் அந்த மாடியில் இருந்தவள் அப்படித்தான் போனாள்.

வகுப்பு மத்தியானம், செக்-அவுட் அறைகளெல்லாம் முடிந்த பிறகு, கல்யாண ஹாலை ஒட்டிய சின்ன அறையில். டீயும் பிஸ்கட்டும் உண்டு. நாச்சியார் பிஸ்கட்டை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள், மகள் அனுஷாவுக்கு ஆகும்.

பாடம் எடுக்க வந்தவள் ஸ்ரீலக்ஷ்மி. ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துப் பெண். கல்யாணம் ஆகவில்லை, முப்பது இருக்கும். கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பெரியவர்களுக்குப் பேச்சு இங்கிலீஷ் கற்றுத் தருவது அவள் தொழில். வந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னாள். வட்டத்துக்கு வெளியே, கதவோரம், ஒரு நாற்காலியில் பிபின் உட்கார்ந்திருந்தார்.

"சார் எதுக்கு இங்க இருக்காரு?" என்று நாச்சியார் பக்கத்திலிருந்த பிச்சைக்கனியிடம் கேட்டாள். பிச்சைக்கனி வாசலில் பெட்டி தூக்குகிறவன். வள்ளியூர்க்காரன், மீசை பெரிது, வாய் அதைவிடப் பெரிது.

"அவருக்கும் இங்கிலீஷ் தெரியாதுபோல, யக்கா. வெளிய சொல்ல வெக்கம்."

"விளையாடாத. எதுக்கு நோக்கிக்கிட்டு இருக்காரு?"

"டீச்சருக்கு நோட்டம். நமக்கு இல்ல."

நாச்சியார் நம்பவில்லை.

அன்றைய பாடம் 'இஃப்'. ஸ்ரீலக்ஷ்மி பலகையில் ஒரு வாக்கியம் எழுதினாள்: இஃப் தி கெஸ்ட் கால்ஸ், ஐ வில் கோ.

"கெஸ்ட் கூப்பிட்டா நான் போவேன். கூப்பிடலாம், கூப்பிடாமலும் இருக்கலாம். ஆனா நெஜமா நடக்கக்கூடிய விஷயம். இங்க ஒண்ணு கவனிச்சுக்கோங்கோ. 'வில்' எந்தப் பக்கம் இருக்கு?"

"வலது பக்கம்," என்றான் ரிசப்ஷன் ஷிபு.

"அதான். 'இஃப்' இருக்கற பக்கம் 'வில்' வரவே கூடாது. 'இஃப் தி கெஸ்ட் வில் கால்'னு நம்ம எல்லாரும் சொல்லிடறோம். சொல்லப்படாது."

பிறகு அதற்குக் கீழே இன்னொன்று எழுதினாள்: இஃப் ஐ ஃபவுண்ட் அன் இயர்ரிங், ஐ வுட் கிவ் இட் டு தி சூப்பர்வைசர்.

நாச்சியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இயர்ரிங் என்றால் என்னவென்று போன வாரத்திலிருந்து அவளுக்கு நன்றாகத் தெரியும். 'ஃபவுண்ட்' அதற்கும் முன்பே தெரியும். லினன் அறைக்குப் பக்கத்தில் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்று எழுதிய ஒரு அலமாரி இருக்கிறது. விருந்தாளிகள் விட்டுப்போனவை எல்லாம் அங்கேதான் வரும். ஃபவுண்ட் என்றால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஆக, இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கிறவள், கம்மல் எனக்குக் கிடைத்தது என்று சொன்னதாகிவிடாதா?

கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிபின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதுபோல் இருந்தார்.

"டீச்சர், ஃபவுண்ட்னா கெடச்சாச்சுன்னுதானே?" என்றாள்.

ஸ்ரீலக்ஷ்மி சந்தோஷமாகத் திரும்பினாள். "ரொம்ப நல்ல கேள்வி, அக்கா. பார்க்க நடந்தது மாதிரி இருக்கும். ஆனா இங்க நடக்கலை. சும்மா கற்பனை. நடக்காத ஒண்ணை, நடக்கறதுக்கு வாய்ப்பு குறைச்சலா இருக்கறதை நெனைச்சுப் பேசறோம். அதுக்காகத்தான் ஃபைண்டை ஃபவுண்டா மாத்தறோம், வில்லை வுட்டா மாத்தறோம். ரெண்டையும் சேர்த்து மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தினா அர்த்தம் கெட்டுப்போயிடும்."

கற்பனை பண்ண உலகத்தில் வேறு பொருளே இல்லையா என்று நாச்சியார் நினைத்துக்கொண்டாள்.

பிறகு பயிற்சி. ஆளுக்கொரு சீட்டு. வாக்கியத்தில் ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கும், அடைப்பில் வினைச்சொல் இருக்கும், சரியான வடிவத்தைப் போட்டுப் படிக்க வேண்டும். லிஃப்ட் நின்றால், சாவி தொலைந்தால், நான் மேனேஜராக இருந்தால். மேனேஜர் வாக்கியம் பிச்சைக்கனிக்கு வந்தது. "இஃப் ஐ வேர் தி மேனேஜர், ஐ வுட் ஸ்லீப் இன் ஏசி ரூம்" என்று சீட்டில் இல்லாததைச் சேர்த்துப் படித்தான். பிபினும் சிரித்தார். நாச்சியாருக்கு வந்தது படுக்கை விரிப்பு வாக்கியம். தப்பில்லாமல் சொன்னாள். ஸ்ரீலக்ஷ்மி, "கரெக்ட், ரொம்ப கரெக்ட்" என்றாள். கைக்கு எட்டுகிற, அளவு கட்டிக் கொடுத்த வேலை என்றால் நாச்சியாருக்குப் பயமில்லை. விரிப்பின் நான்கு மூலையை மடிப்பதுபோலத்தான்.

அடுத்ததுதான் வினை. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, சீட்டில் உள்ள நிலைமையை வைத்துத் தங்கள் சொந்த வார்த்தையில் பேச வேண்டும். "தப்பு வந்தாலும் நிறுத்தாதீங்கோ. நடுவுல நான் திருத்த மாட்டேன். குறிச்சுண்டு கடைசில எல்லாருக்குமா சொல்றேன்" என்று ஸ்ரீலக்ஷ்மி ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சுற்றி வந்தாள்.

திருத்தாமல் எழுதி மட்டும் கொள்கிறாளா? நாச்சியாருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அவளுக்கு ஜோடி பிச்சைக்கனி. சீட்டில் என்ன இருந்தது என்றால்: நீங்கள் விருந்தாளி, உங்கள் கம்மல் அறையில் தொலைந்துவிட்டது, அறை ஊழியரிடம் கேளுங்கள்.

பிச்சைக்கனி காதைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டான். "மை இயர்ரிங்! மை இயர்ரிங்! மை ஹஸ்பண்ட் வில் கில் மீ!"

மொத்த வட்டமும் அவன் மீசையைப் பார்த்துச் சிரித்தது.

"ஏல, மெதுவா," என்றாள் நாச்சியார்.

"இங்கிலீஷ்ல பேசு. யூ டுக்! யூ டுக் மை இயர்ரிங்!"

விளையாட்டு என்று தெரியும். ஆனாலும் ஒரு வாரமாக யாரும் முகத்துக்கு நேரே சொல்லாததை ஒருவன் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சொல்கிறான். கதவோரம் பிபின் போனைக் கீழே வைத்துவிட்டார். நாச்சியாருக்கு முகம் சூடாகியது. நெஞ்சில் தமிழில் ஒரு வாக்கியம் வந்தது: நான் எடுத்தா திருப்பிக் குடுப்பேன், எடுக்கிற ஆளா நான்? வாயில் அதன் முதல் பாதி மட்டும் இங்கிலீஷாக வந்தது.

"ஐ நோ டேக்! இஃப் ஐ டுக், ஐ வில் கிவ் பேக்!"

"அப்படிப் போடு!" என்று பிச்சைக்கனி கைதட்டினான். ஸ்ரீலக்ஷ்மி காகிதத்தில் குறித்துக்கொண்டாள். பிபின் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

குறித்ததைத் திருத்துவதற்குள், கீழே சபரிமலை போகிற ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கிவிட்டதாக அழைப்பு வந்தது. வகுப்பு அப்படியே கலைந்தது.

மறுநாள் காலை டியூட்டிப் பலகையில் நாச்சியாரின் பெயர் மூன்றாம் மாடியில் இல்லை. லாபிக் கழிப்பறையும் நடைபாதையும் என்று போட்டிருந்தது. அறைகள் கிடையாது. சூப்பர்வைசரைக் கேட்டாள். அவர் கண்ணைப் பார்க்காமல், "மேல இருந்து வந்தது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிளாஸ்ல என்னமோ சொன்னியாமே. எடுத்திருந்தா திருப்பித் தந்துடறேன்னு" என்றார்.

"நான் அப்படிச் சொல்லல."

"இங்கிலீஷ்ல அப்படித்தான் அர்த்தமாம். பிபின் சார் சொன்னாரு."

அன்று முழுக்க அவள் வாஷ்பேசின்களைத் தேய்த்தாள். முதலிலிருந்து யோசித்தால் எல்லாம் கூடி வந்தது. கம்மல் காணாமல் போன அடுத்த வாரமே வகுப்பு. பலகையில் கம்மல். சீட்டில் கம்மல். கதவோரம் மேனேஜர். கையில் பேனாவோடு டீச்சர். வாயைக் கிண்டுவதற்கு இதைவிட நல்ல வலை வேண்டுமா? போலீஸ் வந்திருந்தால்கூடத் தமிழிலோ மலையாளத்திலோ கேட்டிருப்பார்கள். அவளும் பார்த்துப் பேசியிருப்பாள். தெரியாத மொழியில் கொண்டுபோய் நிறுத்தி, தானாகவே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள்.

வீட்டில் அனுஷாவிடம் கேட்டாள். "டுக்குன்னா எடுத்ததுதானே?"

"அதேம்மா."

"வில் கிவ்னா?"

"கொடுப்பேன். எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

அடுத்த வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். போகாவிட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள். போனாள். பிபினின் நாற்காலி காலியாக இருந்தது. வேலை முடிந்துவிட்டதல்லவா, இனி எதற்கு என்று எண்ணிக்கொண்டாள்.

அன்று மூன்றாவது வகை. முடிந்துபோனதை, இனி மாற்ற முடியாததை, வேறு மாதிரி நடந்திருந்தால் என்று பேசுவது. ஸ்ரீலக்ஷ்மி எழுதினாள்: இஃப் தி டிரைவர் ஹேட் கால்ட், வி வுட் ஹேவ் வெய்ட்டட். டிரைவர் போன் பண்ணியிருந்தா நாம காத்துண்டு இருந்திருப்போம். அவன் பண்ணலை, நாமும் காத்திருக்கலை. ரெண்டுமே நடக்கலைன்னு இந்த வாக்கியமே சொல்லிடறது என்றாள். சீட்டுகள் வந்தன. ஒவ்வொருவராகப் படித்தார்கள். நாச்சியாரின் முறை வந்தது. அவள் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா?"

"எனக்குப் பேச்சு வராது, டீச்சர்."

"அன்னிக்கு அவ்வளவு நன்னா சொன்னேளே."

"அதான் வராது."

யாரும் சிரிக்கவில்லை. பிச்சைக்கனியால்தான் சும்மா இருக்க முடியவில்லை. "டீச்சர், தெரியாத மாதிரி கேக்காதீங்க. நீங்க எழுதிக்குடுத்ததுதானே? அக்காவ மாடியிலருந்து எறக்கிட்டாங்க. கக்கூஸ் கழுவுது. இஃப் ஐ டுக்குன்னு சொன்னதுக்கு."

ஸ்ரீலக்ஷ்மியின் கையிலிருந்த மார்க்கர் அப்படியே நின்றது. "நான் யாருக்கும் எதையும் எழுதிக் குடுக்கலை" என்றாள். "என்ன டுக்? எனக்குப் புரியும்படியா சொல்லுங்கோ."

பிச்சைக்கனி கம்மல் கதையை முழுக்கச் சொன்னான். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது. "ஹோட்டல்ல வர்ற நெஜமான புகார்கள் எதுன்னு நான்தான் சார்கிட்டக் கேட்டேன். பாடத்துக்கு வேணும்னு. அவர் சொன்னதுல கம்மலும் ஒண்ணு. இப்போ நடந்துண்டிருக்கற விஷயம்னு சொல்லவே இல்லை."

நாச்சியார் அவளை உற்றுப் பார்த்தாள். நடிப்பாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். "அப்போ வந்து சொல்லுங்க," என்றாள். "இங்க சொன்னா எனக்கு என்ன பிரயோஜனம்? சார்கிட்ட வந்து சொல்லுங்க."

ஸ்ரீலக்ஷ்மி மற்றவர்களைச் சீட்டு வாக்கியங்களை ஜோடியாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லிவிட்டு, அவளோடு கிளம்பினாள்.

பிபின் அறையில் ஏசி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீலக்ஷ்மி உட்காரவில்லை.

"சார், இவா அன்னிக்குச் சொன்னது தப்பான வாக்கியம். முதல் பாதி ரெண்டாவது வகை, பின்பாதி முதல் வகை. 'வுட்' வரவேண்டிய இடத்துல 'வில்' வந்துடுத்து. கத்துக்கறவா எல்லாரும் பண்ற தப்பு. நான் கடைசில திருத்தியிருக்கணும். பஸ் வந்ததால திருத்தலை."

"தப்பானெங்கிலும், அர்த்தம் உண்டல்லோ டீச்சர்," என்றார் பிபின். "எடுத்திருந்தா திருப்பித் தருவேன்னு அர்த்தம். எனிக்கும் கொறச்சு இங்கிலீஷ் தெரியும்."

"இங்கிலீஷ்ல அந்த அர்த்தம் உண்டு, நான் இல்லேங்கலை. ஆனா இவா நெனைச்சது இங்கிலீஷ்ல இல்லையே. மலையாளத்துலயே சொல்லிப் பாருங்கோ. ஞான் எடுத்தால் திரிச்சு கொடுக்கும். இதுல, எடுத்திருக்கலாம்னு சொல்றதா, இல்லை எடுக்கவே மாட்டேன், சும்மா பேச்சுக்குன்னு சொல்றதா? வாக்கியத்தை மட்டும் வெச்சுச் சொல்ல முடியுமா?"

பிபின் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது தெரிந்தது.

"ரெண்டும் ஆகாம். ரெண்டு அர்த்தமும் உண்டு," என்றார் கடைசியில்.

"தமிழ்லயும் அப்படித்தான். எடுத்தா குடுப்பேன். ரெண்டுக்கும் ஒரே சொல்லு. இங்கிலீஷ் அதை ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்கு, அதைத்தான் நான் சொல்லிக் குடுத்துண்டு இருக்கேன். ஒத்துக்கறவாளா இருந்தா, எடுத்திட்டுண்டெங்கில்னு மலையாளத்துல சொல்லுவேளே, தமிழ்ல எடுத்திருந்தான்னு சொல்லுவோம். அதுக்கு 'ஹேவ்' வேணும். அது இவாளுக்கு அன்னிக்குத் தெரியவே தெரியாது."

பிபின் பேனாவை உருட்டினார். நாச்சியாரைப் பார்த்தார். "நாச்சியாரே, நிங்க எடுத்தில்லல்லே?"

தமிழில் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். இத்தனை நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், யார் நம்பினார்கள்? இங்கிலீஷில் கெட்டது இங்கிலீஷிலேயே சரியாகட்டும் என்று பட்டது. கீழே வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்த அச்சை நினைவில் பிடித்தாள். ஸ்ரீலக்ஷ்மி பக்கம் திரும்பவில்லை. அவள் எடுத்துக் கொடுத்ததாக நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

"இஃப் ஐ ஹேட்..." நின்றாள். "இஃப் ஐ ஹேட் டேக்கன் இட், ஐ வுட் நாட் ஹேவ் கம் டு கிளாஸ், சார்."

எடுத்திருந்தால் வகுப்புக்கே வந்திருக்க மாட்டேன். பிபின் சிரிக்கலாமா வேண்டாமா என்பதுபோல ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தார். அவள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

"ஓகே," என்றார். "நாளை முதல் மூணாம் மாடியே போய்க்கோ. பட்சே, ஷிஜா கூட வரும். தனியா ரூமுக்குள்ள கேறண்டா." பிறகு, அவளுடைய இங்கிலீஷுக்கு மரியாதை செய்வதுபோல, "இஃப் தி கெஸ்ட் கால்ஸ் அகெய்ன், வி வில் ஸீ."

கால்ஸ். வில். நாச்சியாருக்கு உடனே பிடிபட்டது. இது கற்பனை வகை இல்லை. நெஜமா நடக்கக்கூடியது என்று டீச்சர் முதல் நாள் எழுதிய வகை. நம்பியதாகச் சொல்லிவிட்டு, நம்பாததற்கான இடத்தை அந்த வாக்கியத்துக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டுவிட்டார். கூட வேலை செய்கிற ஷிஜாவைத் துணைக்கு அனுப்பினால் மாடி முழுக்க என்ன நினைக்கும்? திருடி இவள், காவல் அவள்.

கதவு வரை போனவள் திரும்பினாள்.

"சார். இஃப் யூ ஸெண்ட் டூ பீப்பிள் டு மை ரூம்ஸ், ஸெண்ட் டூ பீப்பிள் டு ஆல் ரூம்ஸ்."

"எல்லா ரூமிலும் எப்படி ரெண்டாள்? வேலை தீருமோ?"

"தீராது, சார்," என்றாள் தமிழில். "எனக்கு மட்டும்னா நான் மாடிக்குப் போகல. கக்கூஸ்லயே இருந்துக்கிடுதேன். எல்லாருக்கும்னா போறேன்."

பிபின் யோசித்தார். டீச்சர் முன்னால் மறுக்க அவருக்கு என்னவோபோல இருந்திருக்கும். இல்லாவிட்டால், இரண்டு கண் இருந்தால் இனிமேல் எந்தக் கம்மலும் போகாது என்று கணக்குப் போட்டிருப்பார். எதுவென்று நாச்சியாருக்குத் தெரியாது. "ம்ம்," என்றார். "செய்யாம்."

படியிறங்கும்போது ஸ்ரீலக்ஷ்மி, "அக்கா, என் மேல கோவமா?" என்று கேட்டாள்.

"கோவம் இல்ல."

"நம்பிக்கை?"

"உள்ள நல்லாத்தான் பேசுனீங்க, டீச்சர்" என்று மட்டும் சொன்னாள் நாச்சியார்.

மறுநாள் முதல் எல்லா மாடியிலும் அறைக்கு இரண்டு பேர். முணுமுணுப்பு கொஞ்சமா நஞ்சமா? இவளால்தானே என்று லினன் அறையில் காதுபடவே பேசினார்கள். ஷிஜா, தக்கலைக்காரி, ட்ராலியைத் தள்ளிக்கொண்டே, "யக்கா, உங்க இங்கிலீஷால எனக்கு இடுப்பு ஒடியுது" என்றாள்.

முதல் அறையைத் திறந்ததும் ஷிஜாவின் கண் நேராகக் குளியலறைத் திண்டுக்குப் போயிற்று. பிறகு நாச்சியாரின் கைக்கு வந்தது. நாச்சியாரும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி பார்ப்பதை மற்றவள் பார்த்துவிட்டாள். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

"கதவ நல்லாத் தெறந்து வை," என்றாள் நாச்சியார். ஷிஜா கதவை அகலத் திறந்து ட்ராலியை முட்டுக் கொடுத்தாள். நடைபாதையில் போகிறவர்கள் எல்லாருக்கும் உள்ளே தெரியும்படி, இருவரும் விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறினார்கள்.